மண்டபத்துக்கு 1.5 லட்சம் முன்பணம்: மழை, தீட்டு வந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

வேளச்சேரி அண்ணன்:
தங்கைக்குக் கார்த்திகையில் முகூர்த்தம், டிசம்பர் முதல் வாரம். மண்டப வாடகை 4 லட்சம், முன்பணம் 1.5 லட்சம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று இருக்கிறது. 2015, 2023 இரண்டு டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தவன். திருமண இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா?

குமார்:
தாராளமாக எடுங்கள். கல்யாணம் நின்றால் செலவு முழுக்க வந்துவிடும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
குமார் தம்பி சொல்வது பாதிதான் சரி. எதனால் நின்றது என்றுதான் கம்பெனி பார்க்கும். வெள்ளம், புயல், தீ, மணமக்களுக்கு விபத்து இவையெல்லாம் பொதுவாக உண்டு. இரு வீட்டார் மனஸ்தாபத்துக்குக் கிடையாது. புயல் அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய் எடுத்தாலும் பலன் இல்லை.

இன்னொன்று, உங்களுக்குத் திரும்பி வராத பணத்தைத்தான் கொடுப்பார்கள். மண்டபம் 1 லட்சம் திருப்பினால் மீதி 50,000தான் கணக்கு, அதிலும் ஒரு பிடித்தம் இருக்கும். அதனால் முதலில் ரசீதைச் சரிசெய்யுங்கள். அதே தேதியை வேறு யாருக்காவது விட்டால் 10,000 போக மீதியைத் தர வேண்டும், வெள்ளத்தால் மண்டபத்தைப் பயன்படுத்த முடியாவிட்டால் முழுப் பணம். இதைப் பேனாவால் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அவர்கள் பிடிக்கக் கூடாது என்று வாதாடலாம். ஆனால் முன்பணமே நியாயமான அளவுதான் என்று அவர்களும் வாதாடுவார்கள். அதற்கு நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டும்.

மதுரை செல்வி:
எங்கள் வீட்டில் மழை இல்லை, தீட்டு. பத்து நாள் முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிவிட்டார். பாலிசியைப் புரட்டினால் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டும்தான். பங்காளி என்றால் அவர்களுக்குப் புரியவே இல்லை. சமையல்காரர் அடுத்த தேதிக்கு ஒப்புக்கொண்டார், மண்டபப் பணம் போனது போனதுதான்.

ராஜா:
எனக்கும் கேட்டரிங்காரர் அட்வான்ஸ் தரவில்லை. எங்கே புகார் செய்வது?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
ராஜா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கள். வேளச்சேரி தம்பி, செல்வியம்மா சொன்னதைக் கவனியுங்கள். வயதான பங்காளிகளின் பெயரைச் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள், ஆனால் ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள். தீட்டுக்குத் தேதி மாற்றம் என்று மண்டபத்தில் எழுதி வாங்குவதுதான் வழி.

வேளச்சேரி அண்ணன்:
இன்று மேனேஜரைப் பார்த்தேன் சார். வேறு ஆளுக்கு விட்டால் திருப்பித் தருவதாகவும், தீட்டுக்குத் தேதி மாற்றித் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். வெள்ளத்துக்கு மட்டும் மாட்டேன் என்கிறார், "மண்டபம் மேட்டில் இருக்கிறது, தண்ணீரே வராது" என்று. மண்டபம் காய்ந்து கிடக்க, ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர் என்றால் பாலிசி என்ன சொல்லும்?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
வில்லங்கமான கேள்வி. 'மண்டபம் சேதமடைந்தால்' என்று மட்டும் இருந்தால் வராது. 'போய்ச் சேர முடியாவிட்டால்' என்றும் இருந்தால் வாதாட இடம் உண்டு. பணம் கட்டும் முன் கம்பெனிக்கு இதே கேள்வியை மெயிலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

வேளச்சேரி அண்ணன்:
அனுப்பிவிட்டேன். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்கிறார், மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.