இழுப்பு ரயில் பெட்டியில் என்ன எழுதுவது?

பட்டறைத் தம்பி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கயிறு கட்டி இழுக்கும் மர ரயில் செய்கிறோம். நல்லூர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகள் அதை விட்டு வரமாட்டேன் என்று அழுதார்கள், பெற்றோரோ எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டியில் "100% பாதுகாப்பானது, 3 வயதுக்கு மேல்" என்று இருக்கிறது, ஒரு வயதுக் குழந்தை சில்லைக் கடித்துச் சிரிக்கிற படமும் உண்டு. இன்னும் என்ன எழுத வேண்டும்?

சுன்னாகம் கடை: எழுத்தை விடுங்கள் தம்பி, நிறத்தைக் கூட்டுங்கள். பிள்ளை அழுதால் தாய் வாங்கிக் கொடுப்பா. 3 வயது என்று போட்டாயிற்று, அப்புறம் பொறுப்பு அவர்களுடையது.

கொக்குவில் அக்கா: அப்படி இல்லை அண்ணா. ஏற்றுமதி விளையாட்டுச் சாமான் சோதிக்கும் இடத்தில் வேலை செய்தேன். இழுப்பு ரயில் நடை பழகும் பிள்ளையின் சாமான், எந்த வயது போட்டாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படித்தான் எடுப்பார்கள். தம்பி, உங்கள் படமே எழுத்தைப் பொய்யாக்குகிறது, தாய்மார் அதைத்தான் பார்த்திருப்பார்கள். சில்லு எத்தனை மில்லிமீற்றர்?

பட்டறைத் தம்பி: 28.

கொக்குவில் அக்கா: சிறு துண்டு பார்க்கும் உருளையின் வாய் 31.7 மில்லிமீற்றர். கழன்ற சில்லு அதற்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும். 45 ஆக்குங்கள். பிறகு சில்லில் 9 கிலோவைப் பத்து விநாடி தொங்கவிடுங்கள், அசைந்தால் அச்சை மாற்றுங்கள்.

கோப்பாய் அம்மம்மா: பேரனின் காரில் பட்டன் பற்றரி மூடிக்குத் திருகாணியே இல்லை, நகத்தால் திறந்துவிட்டான். இந்த ரயிலில் பற்றரி எங்கே இருக்கிறது?

பட்டறைத் தம்பி: இதில் பற்றரியே இல்லை அம்மா.

கோப்பாய் அம்மம்மா: அதைப் பெட்டியில் எழுதவில்லையே ராசா. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

சுன்னாகம் கடை: தொண்டை, பற்றரி என்று எழுதினால் வாங்க வந்தவரும் ஓடிவிடுவார்.

கொக்குவில் அக்கா: தொண்டையை எழுதச் சொல்லவில்லை. முன்பக்கத்தில் பிள்ளை கயிற்றை இழுத்து நடக்கிற படம் மட்டும், அது பிள்ளைக்கு. பின்பக்கத்தில் தாய்க்கு: சில்லு 45 மில்லிமீற்றர், பற்றரி இல்லை, சில்லு தளர்ந்தால் மாற்றித் தருவோம், பட்டறையின் தொலைபேசி எண். "100%" வேண்டாம், அதை யாரும் நிரூபிக்க முடியாது. பட்டறையில் தொங்கவிட்டுப் பார்த்ததை ஆய்வுகூடச் சோதனை என்றும் எழுதாதீர்கள். பெயின்ற்றுக்கு மட்டும் ஆய்வுகூட அறிக்கை கட்டாயம் வேண்டும், நிறத்துக்கு ஒன்றாக. மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கக்கூடும், அமெரிக்காவில் பூச்சு ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம்தான் எல்லை.

பட்டறைத் தம்பி: நாலு நிறத்துக்கும் காசு கட்டாது அக்கா. சிவப்பு மட்டும், மீதி வெறும் மரம்?

சுன்னாகம் கடை: வெறும் மரத்தைப் பிள்ளை திரும்பியும் பார்க்காது.

கொக்குவில் அக்கா: அச்சில் ஒரு கட்டையை வையுங்கள், உருளும்போது டக்டக்கென்று தட்டட்டும். சத்தத்துக்குப் பிள்ளை திரும்பும்.

சுன்னாகம் கடை: எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு விதத்திலும் பத்துப் பத்துத் தாருங்கள், கடையில் வைத்துப் பார்க்கிறேன்.

பட்டறைத் தம்பி: நாலு நிறத்தில் இப்போது தரமாட்டேன் அண்ணா, அறிக்கை இல்லை. சிவப்புக்கு மட்டும் அறிக்கை எடுத்துவிட்டு, அதில் பத்துக் கொண்டுவருகிறேன்.