இருபது நிமிடத்தில் மூன்று வகுப்பு: சிங்களம் பேசுவோருக்குத் தமிழ் இலக்கணச் சோதனை

கல்லாற்று டீச்சர்
அம்பாறை டவுனில் அரச ஊழியர்களுக்கு மாலை நேரத் தமிழ் வகுப்பு தொடங்குகிறோம். 36 பேர், எல்லோரும் வீட்டில் சிங்களம் பேசுபவர்கள். ஆசிரியர்கள் மூன்று பேர், வகுப்பும் மூன்று. முதல் நாள் இருபது நிமிடத்துக்குள் இலக்கண மட்டம் பார்த்துப் பிரிக்க வேண்டும். தாளை எப்படிப் போடலாம்?

பழைய வாத்தியார்
இருபது நிமிடத்தில் பெயரும் திகதியும் எழுதி முடிப்பார்கள். 60 வினாவாவது போடுங்கள். வேற்றுமை, எச்சம், வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் வர வேண்டும். வினா குறைந்தால் குருட்டு அதிர்ஷ்டம்தான் புள்ளி போடும்.

சம்மாந்துறையான்
சேர், வல்லினம் எங்கே மிகும் என்று கேட்டால் நம்ம கச்சேரியில் இருக்கிற தமிழ் ஆட்களே முதலாம் வகுப்பில்தான் உட்கார வேண்டி வரும். தாளே வேண்டாம். ஆளுக்கு மூன்று நிமிடம் பேச விடுங்க. "நேற்று என்ன செய்தீங்க, நாளைக்கு என்ன வேலை" என்று கேட்டால் மட்டம் தானாகத் தெரியும்.

வாவிக்கரை
36 பேருக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று ஆசிரியர்களும் ஆளுக்கு 36 நிமிடம் இருக்க வேண்டும், எழும்பி உட்காருகிற நேரம் வேறு. ஒருவருக்கு நடுமட்டம் என்று படுவது மற்றவருக்கு மேல்மட்டமாகப் படும். பேச்சு வேண்டும்தான், ஆனால் சந்தேகமான ஆட்களுக்கு மட்டும்.

வாத்தியார் சொன்னதில் பாதி சரி. வினா கூடினால் தற்செயல் குறையும். ஆனால் இங்கே யாருக்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை, மூன்று அறைக்குப் பிரிக்கிறோம். அதற்கு 15 வினா போதும், ஐந்து ஐந்தாக மூன்று கட்டு. ஒரு கட்டில் நாலு சரியானால்தான் அந்தக் கட்டு தேறியது. மூன்று விடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினா என்றால், ஒன்றுமே தெரியாதவர் ஐந்தில் மூன்றையாவது குருட்டாம்போக்கில் அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 21. நாலு என்று வைத்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடும். வாத்தியார் பயப்படுகிற அதிர்ஷ்டத்தை இந்த ஒரு முடிவே பெரும்பாலும் அடக்கிவிடும்.

எந்த வினாவைப் போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். எங்கள் பள்ளிக்கூட இலக்கண வரிசை இவர்களுக்குச் சரிவராது. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் "எனக்கு" வருமா "நான்" வருமா என்று கேட்டால் நேற்றுச் சேர்ந்தவரும் சரியாகச் சொல்வார், சிங்களத்திலும் "மட படகினி"தானே. அந்த வினா யாரையும் பிரிக்காது. பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, எயா யனவா, அபி யனவா, எல்லாத்துக்கும் வினை ஒன்றுதான். அதனால் "அவர்கள் நேற்று கந்தோருக்கு ___" என்று போட்டு வந்தேன், வந்தார்கள், வந்தது என மூன்று விடை கொடுத்தால் அங்கே ஆள் பிரியும். அது முதல் கட்டு.

இரண்டாவது கட்டில் "டாக்டர் நோயாளி___ பார்த்தார்" என்பதற்கு ஐ வருமா, "இந்தப் படிவ___ கையெழுத்து வையுங்க" என்பதற்குப் படிவத்தில் வருமா என்கிற மாதிரி. மூன்றாவதில் "பஸ் நாளைக்கு ___" என்று விட்டு வரமாட்டான், வராது, வரமாட்டேன்.

உகன மிஸ்ஸி
நான் சிங்களம், வார்டில் வேலை. எங்கே வலிக்குது, எப்ப இருந்து, சாப்பிட்டீங்களா, எல்லாம் தமிழில்தான் கேட்கிறேன். ஒரு இடத்தில் வகுப்புக்குப் போனேன், தாளைக் கொடுத்தார்கள். எனக்கு வாசிக்க வராது. அ, ஆ எழுதுகிற ஆட்களோடு போட்டார்கள். மாதக்கணக்கில் "இது என்ன? இது மேசை." பிறகு போகவில்லை. இந்தத் தாளும் அப்படித்தானே?

வாவிக்கரை
அப்படி வர விடக்கூடாது மிஸ்ஸி. வினாக்களை ஆசிரியர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும், மூன்று விடையையும் சேர்த்து. தாளில் 1, 2, 3 மட்டும் இருக்கும், ஆட்கள் வட்டம் போடுவார்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 15 நிமிடம்தான். அடியில் "அக்கரைப்பற்று", "கல்முனை" போல நாலு பஸ் போர்ட் பெயர். அதை வாசிக்க முடியாதவருக்கு இலக்கண மட்டம் எதுவோ அதே வகுப்பு, எழுத்துக்குத் தனியாக அரை மணி. எழுத்தையும் இலக்கணத்தையும் ஒரே புள்ளியில் கூட்டினால் உங்களை மாதிரி ஆட்கள்தான் அடிபடுவார்கள்.

பொத்துவில் ரோட்
இந்தச் சோதனை பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட் கிடைக்குமா? எங்க கந்தோரில் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள்.

கல்லாற்று டீச்சர்
இல்லை தம்பி, இது எந்த அறையில் உட்காருவது என்று பார்க்க மட்டும். அந்தப் பரீட்சை வேறு, அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்துவது.

வாவிக்கரை, நேற்றிரவு 15 வினா எழுதி, போன வகுப்பில் படித்தவர்கள் சிலருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு முதல் கட்டில் 5, இரண்டில் 2, மூன்றில் 4. இவரை எங்கே போடுவது? இன்னொரு வினாவில், "நான் நாளைக்கு ___" என்பதற்கு வரமாட்டேன் என்று நினைத்துப் போட்டேன், பாதிப் பேர் வரவில்லை என்று வட்டம் போட்டிருக்கிறார்கள்.

சம்மாந்துறையான்
"நாளைக்கு நான் வரல்ல" என்று நானும்தான் சொல்றேன். அது பிழையா?

வாவிக்கரை
பிழையில்லை, வினாதான் பிழை. தாளைக் கற்பவருக்குக் கொடுக்க முன்பு தமிழ் பேசுகிற நாலைந்து பேருக்குக் கொடுங்கள், வாத்தியார்மார் அல்லாத ஆட்களுக்கு. அவர்களே இரண்டு விடை சொன்னால் அந்த வினாவைத் தூக்கிவிடுங்கள்.

5, 2, 4 வந்தவருக்கு, மூன்றாம் கட்டில் எந்த நாலு சரி என்று பாருங்கள்.

கல்லாற்று டீச்சர்
"நேற்று ___ பைல் எங்கே" என்று வந்த, வந்து, வந்தால் கொடுத்திருந்தேன். அந்த மாதிரி மூன்று, மூன்றும் சரி. "வராது" வினா இரண்டில் ஒன்று சரி.

வாவிக்கரை
அங்கேதான் விஷயம். "வந்த பைல்" சிங்களத்திலும் அதே வரிசையில்தான் வரும், பெயருக்கு முன்னால் வினை. அவர் தன் மொழியை வைத்துப் போட்டிருக்கிறார். அந்த மூன்றையும் கழித்தால் அவர் நடு வகுப்பு. அந்த மாதிரி வினாவுக்குப் பதிலாக வராது, கிடையாது, கூடாது போன்றவற்றைப் போடுங்கள். போன வகுப்பில் கெட்டிக்காரர் நாலு பேரும் தடுமாறிய நாலு பேரும் ஒரு வினாவை ஒரே அளவில் சரியாகச் செய்திருந்தால், அது பார்க்க எவ்வளவு அழகான வினாவாக இருந்தாலும் இடத்தைத்தான் அடைக்கிறது. ஆட்கள் கொஞ்சம் என்பதால் இது ஒரு குறிப்புத்தான்.

பழைய வாத்தியார்
எல்லாம் சரி. வட்டம் போடுகிறவருக்கு "வந்தார்கள்" கண்ணில் படும், காதில் விழும். வாய் திறந்தால் "அவங்க வந்தான்" என்பார். ஒரு வசனமாவது சொந்தமாகச் சொல்ல வைக்காமல் இது இலக்கணச் சோதனை ஆகாது.

வாவிக்கரை
இதில் வாத்தியாரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு கட்டில் சரியாக நாலு அல்லது அதற்கு ஒன்று குறைய வந்தவர்களை மட்டும் கூப்பிட்டு, நேற்று வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சம்மாந்துறையானின் மூன்று நிமிடம் அங்கே உதவும்.

சம்மாந்துறையான்
அப்போ அவர் "நான் வாறன்" என்று சொன்னால் புள்ளி உண்டா?

பழைய வாத்தியார்
இல்லை. வருகிறேன்.

சம்மாந்துறையான்
சேர், மட்டக்களப்பில் யார் வருகிறேன் என்று சொல்றாங்க? வாறன் என்பதிலும் நான் என்பதற்கு விகுதி ஒத்துத்தானே வருது. அவன் வாறான், நான் வாறன்.

உகன மிஸ்ஸி
நோயாளிகளிடம் நான் கற்றது வாறன்தான். வருகிறேன் என்றால் செய்தி வாசிக்கிற மாதிரிச் சிரிப்பார்கள்.

கல்லாற்று டீச்சர்
இரண்டுக்கும் புள்ளி போடுகிறேன். சந்தேகம் வந்தால் மேல் வகுப்பிலா கீழ் வகுப்பிலா போடுவது? கீழே போட்டால் முறைப்பாடு வரும்.

வாவிக்கரை
முறைப்பாடு வந்தால் மாற்றலாம். மேலே போட்டவர் புரியவில்லை என்று வாய் திறக்க மாட்டார், வராமல் விடுவார். கீழே போடுங்கள், இரண்டாம் கிழமை முடிய மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

உகன மிஸ்ஸி
கீழே போட்டுத்தான் நானும் வராமல் விட்டேன்.