ஸ்பேஸ் பாரை லேயர் கீயாக வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

60% கீபோர்டில் ஏரோ கீகளை ஐ, ஜே, கே, எல் எழுத்துகளிலும், டெலீட்டை பேக்ஸ்பேஸிலும், எஃப்1 முதல் எஃப்12 வரை எண் வரிசையிலும் இரண்டாவது லேயரில் வைத்திருக்கிறேன். கீழே வலது மூலையில் இருக்கும் ஃபங்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டே அதே கையால் ஏரோ அழுத்த வராது. அதனால் ஸ்பேஸ் பாரையே அழுத்திப் பிடித்தால் லேயர், தட்டினால் ஸ்பேஸ் என்று QMK-இல் மாற்றினேன்:

```
LT(1, KC_SPC)
#define TAPPING_TERM 200
```

ஏரோ, டெலீட் எல்லாம் அருமையாக விரலுக்கடியிலேயே வந்துவிட்டன, ஆனால் டைப் செய்யும்போது ஸ்பேஸிலிருந்து கட்டைவிரலை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகி 200 மில்லிசெகண்டைத் தாண்டினால் அடுத்து வரும் ஐ மேல் ஏரோவாகி, கர்சர் முந்தைய வரிக்குத் தாவி மிச்ச வார்த்தை அங்கே போய் விழுகிறது. சரி என்று 250 ஆக்கினால் நேர்மாறு, வேகமாக இடது ஏரோ அழுத்தும்போது ஸ்பேஸும் ஜேயும் எழுத்தாகவே விழுகின்றன.

`PERMISSIVE_HOLD` போட்டால், ஸ்பேஸை விடுமுன் ஜேயை அழுத்தி விட்டாலே லேயராக எடுத்துக்கொள்ளும், அப்போது 250 தாங்கும் என்று நினைக்கிறேன். வேகமாக டைப் செய்பவர்களுக்கு அது தவறாக லேயருக்குப் போகிறதா? இல்லை, கேப்ஸ் லாக்கில் வெறும் `MO(1)` வைப்பதுதான் நல்லதா? அப்படி வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் ஏரோ சேர்த்து வார்த்தை செலக்ட் செய்ய இடது கையை எப்படி வைக்கிறீர்கள்?