மார்ச் 31-ஐத் தாண்டிய செக்குகள்: ஒரு சரிக்கட்டும் பட்டியல் கணக்கில் நடந்த சண்டை

மலர்:
பதினொன்றாம் வகுப்புப் பசங்களுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். இந்த வாரம் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலுக்கு நானே ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன், வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 31 அன்று ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 48,500. மார்ச்சில் நாம் கொடுத்த செக் மொத்தம் 22,000, அதில் 9,000 மார்ச்சுக்குள் வங்கிக்கு வந்து கழிந்துவிட்டது, 5,000 ஏப்ரல் 4-ம் தேதி கழிந்தது. வங்கியில் போட்ட செக் 16,000, அதில் 10,000 வசூலானது, 2,000-க்கான ஒரு செக் மார்ச் 29-ல் திரும்பிவிட்டது, மீதி மார்ச் முடியும்வரை வசூலாகவில்லை. செக் திரும்பியதை ரொக்க ஏட்டில் யாரும் எழுதவில்லை. வங்கிக் கட்டணம் 350, வாடிக்கையாளர் நேராக நம் கணக்கில் கட்டிய 4,000, இரண்டும் பாஸ்புக்கில் மட்டும் இருக்கின்றன. கடைசியாக, 2,500-க்கு வந்த ஒரு செக்கை ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் எழுதிவிட்டு மேசை அறையிலேயே வைத்துவிட்டார்கள்.

பாஸ்புக் இருப்பு 56,650 வரவேண்டும். ஆனால் பாதிப் பேருக்கு 51,650. ஒரு பையன் கடைசிவரை விடவில்லை, "மிஸ், 5,000 கழிஞ்சிடுச்சுன்னு கேள்வியிலேயே இருக்கே, அப்புறம் அதை எப்படிக் கழியாத செக்குன்னு சொல்றீங்க?" என்கிறான்.

தேவா:
இதற்கு ஒரே ஒரு விதி போதும் மலர். ரொக்க ஏட்டில் மட்டும் இருந்தால் அது கால இடைவெளி, பாஸ்புக்கில் மட்டும் இருந்தால் நாம் எழுத விட்டது. முதல் வகையைப் பட்டியலில் போடு, இரண்டாவதைத் திருத்திய ரொக்க ஏட்டில் போடு. நான் காலேஜ் முழுக்க இதை வைத்தே ஓட்டினேன், எங்கேயும் மாட்டியதில்லை.

லக்ஷ்மி (ஆடிட்):
தேவா தம்பி, மாட்டாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். விதி பாதி தூரம் வரும், மலர் கணக்கிலேயே அது உடையும் இடம் இருக்கிறது.

முதலில் அந்தப் பையனுக்கு. பட்டியலின் தலைப்பில் என்ன தேதி இருக்கிறதோ அந்த ராத்திரி பாஸ்புக்கை மூடிவிட்டதாக நினைக்கச் சொல்லுங்கள். மார்ச் 31 ராத்திரி வங்கியில் கழிந்திருப்பது 9,000 மட்டும்தான். 5,000 நாலு நாள் கழித்துக் கழியும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆக 22,000-ல் 13,000 வெளியே நிற்கிறது. ஏப்ரல் தேதியைக் கேள்வியில் கொடுப்பதே கவனத்தைத் திருப்பத்தான். அவன் அதையும் கழித்து 8,000 என்று எடுத்திருக்கிறான், அதனால்தான் விடையில் சரியாக 5,000 குறைகிறது.

இப்போது அந்த 2,000. தேவா விதிப்படி பார்த்தால் இது எந்தப் பெட்டியிலும் உட்காராது. வங்கி 27-ம் தேதி வரவு வைத்து 29-ல் திரும்ப எடுத்திருந்தால் செக் இரண்டு ஏட்டிலும் இருக்கும். வரவே வைக்காமல் திருப்பியிருந்தால் ரொக்க ஏட்டில் மட்டும் இருக்கும், உடனே "வசூலாகாத செக்" என்று கால இடைவெளியில் தள்ளிவிடுவோம். நான் ஆடிட்டில் பார்ப்பது ஒன்றுதான்: நாம் பேனாவையே தொடாமல் இருந்தால் அடுத்த மாதம் இது தானாகச் சரியாகுமா? மீதி 4,000 வசூலானால் தானாகச் சரியாகும், அது கால இடைவெளி. 2,000 எத்தனை மாதம் காத்திருந்தாலும் ஆகாது. ரொக்க ஏட்டில் எதிர்ப்பதிவு போட்டு, செக் கொடுத்தவரைத் திரும்பக் கடனாளியாக்கினால்தான் தீரும்.

திருத்திய ரொக்க ஏடு கேட்டால் 48,500-ல் 350 கழித்து, 4,000 கூட்டி, 2,000 கழிக்க 50,150. அதிலிருந்து பட்டியல்: 13,000 கூட்டு, 4,000 கழி, மேசை அறையில் தூங்கும் 2,500 கழி. 56,650.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யாருடைய செக்கையோ வங்கி நம் கணக்கில் கழித்துவிட்டால் அது பாஸ்புக்கில் மட்டும்தான் இருக்கும். அதை நம் ரொக்க ஏட்டில் எழுதுவீர்களா தேவா?

தேவா:
எழுத மாட்டேன். வங்கிதான் திருத்த வேண்டும். சரி அக்கா, அந்த இடம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பரீட்சை அவசரத்தில் என் விதி முக்கால்வாசி வரிகளுக்கு ஓடும், அதை மட்டும் விட மாட்டேன்.

ஷாஜகான்:
செக் செக் என்றே பேசுகிறீர்கள், எங்கள் கடையில் செக்கே கிடையாது, எல்லாம் கார்டு மிஷின். அப்படியென்றால் கால இடைவெளியே இருக்கக் கூடாதல்லவா? ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எனக்கு இடிக்கிறது. 31-ம் தேதி கார்டில் 8,000 விற்றேன், ரொக்க ஏட்டில் வங்கி வரவாக 8,000 எழுதினேன், 2-ம் தேதி வங்கியில் வந்தது 7,880.

லக்ஷ்மி (ஆடிட்):
ஷாஜகான் பாய், செக் போனாலும் இடைவெளி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் 8,000-க்குள் இரண்டு சங்கதி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 7,880 தானாக வரும், அது கால இடைவெளி. 120 வரவே வராது, அது கட்டணம், நீங்கள் எழுத வேண்டியது. பிரிக்காமல் விட்டால் ஒவ்வொரு மாதமும் இப்படிச் சில்லறைகள் சேர்ந்து, வருஷக் கடைசியில் எதற்கென்றே தெரியாத ஒரு தொகையாக நிற்கும். மொத்தமாக 120-ஆல் வகுபடும் வித்தியாசம் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணம் வேறு.

ஷாஜகான்:
அந்த 120-ஐ 31-ம் தேதியே எழுதுவதா, 2-ம் தேதியா?

லக்ஷ்மி (ஆடிட்):
விற்பனை 31-ல் என்பதால் செலவும் அன்றைக்கே என்பேன். ஆனால் வங்கியில் பிடித்த தேதியில் எழுதுபவர்கள்தான் அதிகம். எதைச் செய்தாலும் மாதாமாதம் மாற்றாதீர்கள்.

மலர்:
அக்கா, மேசை அறை செக்கில் எனக்கு ஒரு இடறல். வங்கிக்கே போகாத செக்கை எப்படிக் கால இடைவெளி என்கிறீர்கள்? உங்கள் சோதனைப்படி பார்த்தாலும், யாராவது எடுத்துக்கொண்டு போய்ப் போடாமல் அது தானாகச் சரியாகாதே. நான் அதை ரொக்க ஏட்டிலேயே எதிர்ப்பதிவு போட்டு "கையிருப்புச் செக்" என்று மாற்றச் சொன்னேன். 50,150-ல் 2,500 போக 47,650. அதற்கு மேல் 13,000 கூட்டி 4,000 கழித்தால் அதே 56,650 வருகிறது.

லக்ஷ்மி (ஆடிட்):
பாஸ்புக் பக்கம் எப்படியும் 56,650தான், அதில் சண்டை இல்லை. வித்தியாசம் இருப்புநிலைக் குறிப்பில்: வங்கி இருப்பு 50,150 என்று காட்டுவதா, 47,650-உம் தனியாகச் செக் 2,500-உம் காட்டுவதா. மறுநாள் காலையில் போடப்போகிற செக் என்றால் நான் பட்டியலிலேயே விட்டுவிடுவேன். வாரக்கணக்கில் கிடந்தால் உங்கள் வழி சரி.

நிவேதா:
இடையில் வருகிறேன். எங்களுக்கு மார்ச் மாத ரொக்க ஏடும் ஏப்ரல் மாதப் பாஸ்புக்கும் கொடுத்து மார்ச் 31-க்குப் பட்டியல் கேட்டார்கள். ஒரே மாதம் என்றால் ஒத்துப்போகாத வரிகளை எடுப்போமே, அப்படியே எடுத்து மொத்த வகுப்பும் தப்பு.

தேவா:
அங்கே தலைகீழ்! மார்ச் ஏட்டிலும் ஏப்ரல் பாஸ்புக்கிலும் இருக்கும் வரிகள்தான் மார்ச் 31-ஐத் தாண்டியவை. பொதுவாக இருப்பவற்றை எடுக்கணும்.

மலர்:
அப்போ மார்ச்சில் கொடுத்து ஏப்ரல் முழுக்கவும் வங்கிக்கு வராத செக் இருந்தால்? அது ஏப்ரல் பாஸ்புக்கிலும் இருக்காதே.

தேவா:
அது... மார்ச் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பரீட்சையில் தர மாட்டார்கள், மார்ச்சிலேயே கழிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அக்கா?

லக்ஷ்மி (ஆடிட்):
பரீட்சைக்கு அப்படித்தான். என் மேசைக்கு வந்தால் மார்ச் பாஸ்புக் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.