அம்மாவின் கொப்பியும் பழைய ‘லை’யும்: படத்திலிருந்து எடுப்பதா, தட்டுவதா?

உவர்மலை: அம்மா திருகோணமலையில் புவியியல் படிப்பித்தவ. அவ 70களில் கையால் எழுதிய பாடக்குறிப்புகள் மூன்று சீ.ஆர். கொப்பிகளில் கிடக்கின்றன, ஏறக்குறைய 120 பக்கம். படம் எடுத்து ஒரு செயலியில் போட்டால் ‘கொட்டியாரக் குடா’ என்பது ‘கெரட்டியரரக் குடா’ என்று வருகிறது, ‘தேயிலை’ ‘தேயில’ ஆகிறது. திருத்துவதற்கு ஒழுங்கான வழி இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் தட்டிவிடுவதா?

சல்லிக்காரன்: தட்டவே தேவையில்லை. ‘ரர’ என்று தேடி ‘ார’ என்று மாற்றுங்கள், மொத்தமாக. நான் என் தம்பியின் குறிப்புகள் 40 பக்கத்தை இப்படித்தான் ஒரு பின்னேரத்தில் முடித்தேன்.

உப்புவெளி: இது பாமினி எழுத்துருச் சிக்கல். எங்கள் பழைய வினாத்தாள்களும் இப்படித்தான் கோணலாக வந்தன. யூனிகோட் மாற்றியில் ஒருமுறை போட்டால் சரியாகிவிடும்.

மூதூரான்: உப்புவெளி, அது கணினியில் அடித்த கோப்புக்கு. இது பேனையால் எழுதிய தாள், இங்கே மாற்றுவதற்கு எழுத்துரு ஒன்றுமே இல்லை.

சல்லிக்காரன் தம்பி, காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கையெழுத்தில் காலும் ரகரமும் ஒரே கோடு, பக்கத்து எழுத்தை வைத்துத்தான் நாமே பிரித்து வாசிக்கிறோம். ஆனால் மொத்தமாக மாற்றினால் ‘அமரர்’ ‘அமார்’ ஆகிவிடும். ‘வீரரை’ இன்னும் மோசம், ‘வீாரை’ என்று உடைந்து போகும். உடைந்தது கண்ணில் படும். ‘அமார்’ ஒழுங்கான சொல் போலவே உட்கார்ந்திருக்கும்.

தமிழில் வரவே முடியாத கோர்வையை முதலில் தேடுங்கள். ஒற்றைக் கொம்புக்குப் பிறகு வருகிற ‘ர’வைப் பாருங்கள். ‘பெரிய’, ‘தெரு’ போன்ற சொற்களில் அந்த ரகரம் தன் மேல் ஒரு குறியைச் சுமக்கிறது. குறியும் இல்லை, புள்ளியும் இல்லை என்றால் அது பெரும்பாலும் கால்தான். பைதனிலோ, இந்த வகைத் தேடலை ஏற்கும் எடிட்டரிலோ இதைப் போடுங்கள்:

```
\u0BC6ர(?![\u0BBE-\u0BCD])
```

‘கெரட்டி’ அகப்படும், ‘பெரிய’ தப்பும். ‘பெரம்பலூர்’ வீணாக அகப்படும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். மாற்றும்போது கொம்பையும் ரகரத்தையும் சேர்த்து அழித்துவிட்டு ‘ொ’வை ஒரே குறியாக இடுங்கள். கொம்பை அப்படியே வைத்துக்கொண்டு காலை மட்டும் ஒட்டினால் திரையில் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் பின்னர் ‘கொட்டியார’ என்று தேடும்போது அந்த இடம் அகப்படாமல் போகலாம். இரட்டைக் கொம்புக்கு இந்த விதியை வைக்காதீர்கள், ‘நேரம்’ எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

சல்லிக்காரன்: அமரர் நினைவில் வரவில்லை அண்ணா. சரி, ‘தேயில’வுக்கு என்ன விதி?

மூதூரான்: அதற்கு விதி கிடையாது. அம்மா பழைய எழுத்தில் பழகியவ. ணை, லை, ளை, னை நான்கையும் முன்னால் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதுவார்கள், ணா, றா, னா மூன்றும் அடியில் சுழித்து ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் இவற்றை மாற்றினார்கள், பிறகு இங்கும் புதிய வடிவமே பரவியது. செயலி படித்தது புதிய வடிவத்தை. அதனால் வளைவை விட்டுவிட்டு ‘ல’வை மட்டும் எடுக்கிறது. ‘ஆனால்’ உங்களுக்கு ‘ஆனல்’ என்று வருகிறதா, பாருங்கள்.

‘தேயில’, ‘வெப்பநில’ போன்றவை தனிச்சொல்லாக நிற்காது. முதல் ஐந்து பக்கத்தில் இப்படி வருகிற சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் மிச்சப் பக்கங்களில் தேடிப் பிடிக்கலாம். ஆபத்தானது தனியாக வருகிற ‘நில’. ‘நிலப் பயன்பாடு’ சரி, ‘நில மாறும்’ பிழை. எழுத்துப்பிழை திருத்தி இரண்டையும் சரி என்று விட்டுவிடும்.

நிலாவெளி ரீச்சர்: அப்படியென்றால் 120 பக்கத்தையும் தாளோடு ஒப்பிட்டு வாசிக்கத்தான் வேண்டும். அதைவிடத் தட்டுவதே மேல் மகள். தட்டுகிறவ ஒவ்வொரு சொல்லையும் விளங்கித் தட்டுவா. திருத்துகிறவ பார்த்த கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததை விட்டுவிடுவா. நான் பிள்ளைகளின் கட்டுரை திருத்தி வந்தவள், அந்தக் களைப்பு எனக்குத் தெரியும்.

மூதூரான்: தட்டுகிறவரும் வரி தவறுவார் ரீச்சர். ‘மகாவலி’ இரண்டு வரியில் அடுத்தடுத்து வந்தால் நடுவில் உள்ளதை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடும் கண். செயலி வரியை அப்படி விழுங்குவது குறைவு.

உவர்மலை: ஐந்து பக்கம் தட்டினேன், ஐந்து பக்கம் திருத்தினேன். திருத்தியது வேகமாக முடிந்தது. ஆனால் பிறகு தங்கச்சி தாளைப் பிடித்து உரக்க வாசிக்க, நான் திரையைப் பார்த்தபோது, திருத்திய பக்கங்களில் மூன்று ‘நில’ மிச்சம். தட்டியதில் ஒரு முழு வரி காணவில்லை. ‘ஆனல்’ பக்கத்துக்குப் பக்கம் வந்தது அண்ணா, நீங்கள் சொன்னபடியே.

இன்னொன்று. அவசரமாக எழுதிய இடங்களில் அம்மா புள்ளியே வைக்கவில்லை, ‘கலவெட்டு’ என்றுதான் தாளில் இருக்கிறது. அதை ‘கல்வெட்டு’ ஆக்கலாமா?

நிலாவெளி ரீச்சர்: ஆக்குங்கள். அவ நினைத்தது அதுதான்.

மூதூரான்: படத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் மட்டும் ஆக்குங்கள். இல்லையென்றால் அது அம்மாவின் எழுத்தா, உங்கள் திருத்தமா என்று பின்னால் ஒருவருக்கும் தெரியாது.