புதுப்பிப்பு: மேலாளரின் லிங்க்ட்இன் பக்கத்தைப் பெயர் தெரியவே பார்த்தேன்

முன்பு நான் கேட்டது: "வியாழக்கிழமை நேர்காணல். மேலாளரின் லிங்க்ட்இன் பக்கத்தை மறைவாகப் பார்ப்பதா, பெயர் தெரியப் பார்ப்பதா?"

முந்தைய நாள், பெயர் தெரியும்படி, ஒரே ஒரு முறை பார்த்தேன். பல ஆண்டுகளாக ஆள் எடுத்துவரும் அக்கா ஒருவர், அழைப்பு அனுப்பிய பிறகு விண்ணப்பதாரரின் பெயர் தென்பட்டால் அதைத் தயாரிப்பாகவே கொள்வதாகவும், ஒரே வாரத்தில் நான்கைந்து முறை தென்பட்டால்தான் உறுத்துவதாகவும் எழுதியிருந்தார். நேர்காணலில் மேலாளர், "என் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள், எங்கள் குழுவைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" என்று தாமாகவே தொடங்கினார், உண்மையில் அது எனக்கு உதவியது.

கட்டணக் கணக்கு வைத்திருப்பவருக்கு மறைவாகப் பார்த்தவரின் பெயரும் தெரிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னது சரியன்று. ஆனால், பெயரை மறைத்துப் பதவியையும் நிறுவனத்தையும் மட்டும் காட்டும் நடுவழியைத் தேர்ந்தெடுத்தால், சிறிய நிறுவனத்தில் பணிபுரிபவரை எளிதில் ஊகித்துவிடலாம் என்பதால், அவருடைய அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. முழு மறைவுக்கும் ஒரு விலை இருக்கிறது: இலவசக் கணக்கில் அதற்கு மாறியதும், நம் பக்கத்தைப் பார்த்தவர்களின் பட்டியல் நமக்குக் கிடைக்காது. அழைப்புக்காகக் காத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு.

தன் நிறுவனத்திலேயே வேறு பிரிவுக்கு ரகசியமாக முயலும் தம்பி, இன்னும் விண்ணப்பிக்காததால், மறைவாகப் பார்ப்பதே நல்லது. நேர்காணல் முடிந்த பின் மீண்டும் பார்க்கலாமா என்பதில் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.