நீளப் பெயருக்கு உச்சரிப்பு வரி: நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

அரசு_16
பெயர் திருநாவுக்கரசு. பாஸ்போர்ட்டில் Thirunavukkarasu, 16 எழுத்து. கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது திடீரென்று ஒரு மௌனம் விழுந்தால், அடுத்தது நான்தான் என்று புரிந்துகொள்வேன். ஆங்கிலம் பேசும் சகாக்கள். மின்னஞ்சல் கையொப்பத்திலும் பெயர் அட்டையிலும் உச்சரிப்பு வரி போடலாம் என்று மனிதவளத் துறையே `Thi-ru-na-vuk-ka-ra-su` என்று ஒன்று தயாரித்துக் கொடுத்தது. நடுவில் கோடு விழுந்ததைத் தவிர எதுவும் மாறவில்லை. இப்போதும் ‘தைரு’, ‘வக்’, ‘கராசு’தான். உங்களுக்கு எது பலித்தது?

மீனா டீச்சர்
அவர்கள் செய்தது அசை பிரிப்பு மட்டும். படிப்பவர் ஏற்கெனவே பழகிய துண்டுகளாக எழுத்தையும் மாற்ற வேண்டும் தம்பி. என் பரிந்துரை:

`tih-roo-NAH-vook-kuh-ruh-soo`

`vook` என்றால் `book` மாதிரி வாசிப்பார்கள், குறில் உகரம் கிடைத்துவிடும். `vuk` என்றால் ‘வக்’தான் வரும். `ka`, `ra` என்று விட்டால் எங்காவது ‘ரா’ என்று இழுத்துவிடுவார்கள், அதனால் `kuh`, `ruh`. `roo`, `soo` கொஞ்சம் நீளும், போகட்டும்.

அப்புறம் அழுத்தம். நாம் எந்த அசையையும் பெரிதாக அழுத்துவதில்லை. அவர்களுக்கோ ஏதாவது ஒன்றை அழுத்தாமல் வாய் வராது. நாம் இடம் காட்டாவிட்டால் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையைப் பிடிப்பார்கள். உங்கள் ‘கராசு’ அப்படி வந்ததுதான். பெயரில் இருக்கும் ஒரே நெடில் ‘நா’. அதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சோதிக்கும்போது, பெயரைக் கேட்டே இராத ஒருவரிடம் வரியை மட்டும் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அவர் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்வார்.

குமரன்
இவ்வளவு சுற்றுவானேன்? ஐ.பி.ஏ. ஒலிக்குறியில் போட்டால் எந்த நாட்டுக்காரரும் சரியாகப் படிப்பார்.

மீனா டீச்சர்
துல்லியம் என்பது சரி. படிக்கக் கற்றவர் வேண்டுமே! என் மொழியியல் நண்பர்களைத் தவிர யாரும் அதை வாசித்து நான் பார்த்ததில்லை.

சுபா_வி
எனக்கும் இதே தொல்லை! என் அப்பா பெயரை முதல் பெயர் என்று நினைத்து எல்லோரும் என்னை அவர் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். இதற்கு என்ன உச்சரிப்பு வரி போடுவது?

அரசு_16
சுபா, அது பெயர் எந்தக் கட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்ற விவகாரம். உச்சரிப்பு வரி போட்டால் உங்கள் அப்பா பெயரை இன்னும் நன்றாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

நடைபாதை
அட்டை விஷயத்தில் கவனம். எங்கள் மாநாட்டில் அச்சிடும் மென்பொருள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட்டது. அழுத்தம் காட்டிய எழுத்தும் மற்றதும் ஒன்றாகி, வரி போட்ட பயனே போயிற்று. முன்னோட்டம் கேட்டு வாங்குங்கள்.

ஏழு அசை அட்டையில் அடங்கவும் அடங்காது. கைகுலுக்கும் தூரத்தில் அதை யாரும் நின்று படிக்கப்போவதில்லை. பெரிதாக `Arasu`, கீழே `UH-ruh-soo`, முழுப் பெயர் அதற்கும் கீழே சின்னதாக. `AR` என்று தொடங்காதீர்கள், ‘ஆரசு’ ஆகிவிடுவீர்கள். முழு வரி மின்னஞ்சலுக்கு. அங்கேயும் போன் திரையில் கோட்டுக்குப் பின் வரி உடைந்து `NAH-` மேலேயும் `vook` கீழேயும் நிற்கும். சாதாரணக் கோட்டுக்குப் பதில் `U+2011`, அதாவது உடையாத கோடு, போட்டால் உடையாது. ஆனால் சில எழுத்துருக்களில் அது வேறு மாதிரித் தெரியும். அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கு_காற்று
என் சகாக்கள் ஜெர்மானியர்கள். மீனா டீச்சரின் வரி இங்கே எடுபடாது. `roo` என்றால் ‘ரோ’ என்பார்கள், ஜெர்மனில் இரட்டை o நெடில் ஓகாரம். வேடிக்கை என்னவென்றால், பாஸ்போர்ட் எழுத்தையே அவர்கள் ஏறக்குறையச் சரியாகப் படிப்பார்கள். `th` அவர்களுக்கு வெறும் t, `u` உகரமேதான். கடைசி ‘சு’தான் ஆங்கில z போல அதிரும்.

கயல்
என் பெயர் கயல்விழி. `zh` பார்த்ததும் ஆங்கில `measure` நடுவில் வரும் ஒலியைப் போடுகிறார்கள். `kuh-yul-VIH-ree` என்று மாற்றினேன். அமெரிக்கர்கள் சொன்னால் கிட்டத்தட்ட ழகரம் கேட்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் சொன்னால் ‘விரி’. `lee` போட்டால் ‘விலி’. எதை வைத்துக்கொள்வது?

மீனா டீச்சர்
கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நான் `r` பக்கம்.

குமரன்
நம்மவர்களே பலர் ‘விளி’ என்கிறார்கள். நான் `l` பக்கம்.

அரசு_16
டீச்சர் வரியைப் பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டினேன். ‘நா’ கச்சிதமாக விழுந்தது, ‘வுக்க’வும் வந்தது. ஆனால் தொடக்கம் ‘டிரு’. `th` போட்டால் ‘திங்க்’ ஒலி, `t` போட்டால் ‘டி’. இரண்டில் `t`யே பரவாயில்லை என்று கையொப்பத்தில் ஏற்றிவிட்டேன். அட்டைக்கு, சிறிய எழுத்து அச்சில் வருமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.